வெளிப்புலம் இன்றி முனைவாக்கப்பட்ட கோளம்: ஒரு தோரமல்லி மணியின் மின்புலமும் மின்னழுத்தமும்

(விஞ்ஞானம் - மேலதிக வாசிப்பு. நிலைமின்னியல் அலகுடன் சேர்த்துப் படிக்க.)



கண்டியிலிருந்து மாத்தளை, நாவுல வழியாக வடக்கே போனால் எலஹெர வரும். அங்கே நிலத்தைத் தோண்டி, இல்லம் எனப்படும் சரளைப் படையைக் கழுவி மாணிக்கக்கற்களைப் பொறுக்குவார்கள். அச்சரளையில் அகப்படும் கற்களில் ஒன்று துர்மலின். இப்பெயர் நமது நாட்டிலிருந்து உலகுக்குப் போனது. பலவகை வண்ணக் கற்களுக்குச் சிங்களத்தில் வழங்கிய ‘தோரமல்லி’ என்ற சொல்லே ஐரோப்பிய மொழிகளில் ‘துர்மலின்’ ஆயிற்று.

இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் 1700களின் தொடக்கத்தில் இக்கல்லைத் தமது நாட்டுக்குக் கொண்டு சென்றனர். சூடான கல் அருகிலுள்ள சாம்பலை இழுப்பதைக் கண்டு, அதற்குச் ‘சாம்பல் இழுப்பான்’ என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தனர். 1756 இல் ஏப்பினஸ் என்ற விஞ்ஞானி, சூடாக்கிய துர்மலினின் ஒரு முனை நேர் மின்னேற்றத்தையும் மறு முனை மறை மின்னேற்றத்தையும் காட்டுகின்றன என நிறுவினார். இக்கல்லைக் கொண்டே இன்றைய பாடத்தைக் கற்போம்.

1. பிரச்சினை என்ன?

கம்பளியில் உரோஞ்சிய சீப்பைக் கடதாசித் துண்டுகளுக்கு அருகே பிடித்தால் கடதாசி இழுபடும். சீப்பின் மின்புலம் கடதாசியின் மூலக்கூறுகளிலுள்ள நேர், மறை மின்னேற்றங்களைச் சிறிதளவு எதிர்த்திசைகளில் தள்ளுகிறது. இதையே முனைவாக்கம் என்கிறோம். சீப்பை எடுத்துவிட்டால் கடதாசியின் முனைவாக்கமும் மறைந்துவிடும்.

இதைக் கற்பித்தபின் வகுப்பில் ஒரு வினாக் கேட்டேன். “வெளியிலிருந்து எந்த மின்புலமும் இல்லை. கல் ஒன்று நிரந்தரமாக முனைவாக்கப்பட்டுள்ளது. கல்லின் உள்ளே மின்புலம் எவ்வளவு?” பெரும்பாலானோர் எழுதிய விடை: “பூச்சியம். ஏனெனில் வெளிப்புலம் இல்லை. கல்லின் மொத்த மின்னேற்றமும் பூச்சியம்.”

இவ்விடையில் கூறப்பட்ட காரணங்கள் இரண்டும் உண்மை. ஆனால் முடிவு பிழை. எங்கே பிழைத்தது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

2. கட்டுண்ட மின்னேற்றம்

துர்மலின் ஒரு பளிங்கு. அதன் அணுக்கள் அடுக்கப்பட்டுள்ள ஒழுங்கில் மேலும் கீழும் ஒரே மாதிரி இல்லை. ஆகவே வெளிப்புலம் எதுவும் இல்லாமலே நேர் மின்னேற்றங்களின் மையமும் மறை மின்னேற்றங்களின் மையமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் சற்று விலகி நிற்கின்றன.

இம்மின்னேற்றங்கள் தத்தம் அணுக்களுடன் கட்டுண்டவை. செப்புக் கம்பியின் இலத்திரன்களைப் போல ஓடித் திரிய முடியாது. எனவே இவை கட்டுண்ட மின்னேற்றங்கள் எனப்படும். ஓடக்கூடியவை சுயாதீன மின்னேற்றங்கள். மின்புலத்தை உண்டாக்குவதில் இவ்விரண்டுக்கும் எந்த வேறுபாடும் இல்லை. ஒரு கூலோம் கட்டுண்டதாக இருந்தாலும் சுயாதீனமாக இருந்தாலும் உண்டாக்கும் புலம் ஒன்றே.

இப்போது கல்லை R ஆரையுடைய கோள வடிவ மணியாகச் செதுக்கியுள்ளோம் எனக் கொள்க. இம்மணியை இரண்டு கோளங்களாக மனத்தில் பிரிக்கலாம். ஒன்று முழுவதும் நேர் மின்னேற்றம் நிரம்பிய கோளம். மற்றது அதே அளவு மறை மின்னேற்றம் நிரம்பிய கோளம். ஒவ்வொன்றிலும் ஒரு கன மீற்றரில் உள்ள மின்னேற்றத்தின் அளவு ρ. இரண்டும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று இருந்தால் எங்கும் விளையுள் மின்னேற்றம் இல்லை. நேர்க் கோளத்தை மேல்நோக்கி s என்ற மிகச் சிறிய தூரம் நகர்த்தினால் நமது முனைவாக்கப்பட்ட மணி கிடைக்கும்.

முனைவாக்கத்தின் பருமன்: P = ρs
அதன் திசை: மறையிலிருந்து நேரை நோக்கி, இங்கு மேல்நோக்கி.
அதன் அலகு: ஒரு சதுர மீற்றருக்குக் கூலோம் (C m⁻²).

நகர்த்தியபின் மணியின் உட்பகுதியில் நேரும் மறையும் இன்னும் ஒன்றையொன்று முற்றாகச் சமன் செய்கின்றன. மேலே ஒரு மெல்லிய நேர்ப் படையும் கீழே ஒரு மெல்லிய மறைப் படையும் மாத்திரமே மிஞ்சுகின்றன. உச்சியில் படையின் தடிப்பு s. பக்கவாட்டில் இறங்க இறங்கத் தடிப்பு குறைந்து நடுக்கோட்டில் பூச்சியமாகும். மேல்நோக்கிய அச்சுடன் θ கோணம் அமைக்கும் இடத்தில் தடிப்பு s cosθ. ஆகவே அவ்விடத்தில் ஒரு சதுர மீற்றர் மேற்பரப்பில் உள்ள கட்டுண்ட மின்னேற்றம்

σ = ρs cosθ = P cosθ

3. கோளத்தின் உள்ளே மின்புலம்

ஓரிடத்தில் வைக்கப்படும் ஒரு கூலோம் மின்னேற்றத்தின் மீது தாக்கும் விசையே அவ்விடத்து மின்புலம். q என்ற புள்ளி மின்னேற்றத்திலிருந்து r தூரத்தில் புலம் kq/r². இங்கு k = 9 × 10⁹ (SI அலகில்).

மின்னேற்றம் சீராக நிரம்பிய கோளத்தின் உள்ளே ஒரு புள்ளியை எடுத்தால், அப்புள்ளியை விட மையத்துக்கு அண்மையில் உள்ள மின்னேற்றம் மாத்திரமே அங்கு புலத்தைத் தரும். அது முழுவதும் மையத்தில் இருப்பதுபோல் தொழிற்படும். மையத்திலிருந்து r தூரம் வரை உள்ள மின்னேற்றம் (4/3)πr³ρ. எனவே

புலம் = k × (4/3)πr³ρ ÷ r² = (4/3)πkρr

எழுதுவதற்கு எளிதாக (4/3)πk என்பதை C எனக் குறிப்போம். அப்போது புலம் = Cρr. மையத்திலிருந்து விலக விலகப் புலம் நேர்விகிதசமமாகக் கூடுகிறது என்பதைக் கவனிக்க.

இனி இரு கோளங்களையும் சேர்ப்போம். மணியின் நடுவிலிருந்து அச்சு வழியே z உயரத்தில் ஒரு புள்ளி A. நேர்க் கோளத்தின் மையம் நடுவிலிருந்து s/2 மேலே உள்ளது. மறைக் கோளத்தின் மையம் s/2 கீழே உள்ளது.

நேர்க் கோளத்தால் A இல் புலம்: Cρ(z − s/2), மேல்நோக்கி
மறைக் கோளத்தால் A இல் புலம்: Cρ(z + s/2), கீழ்நோக்கி

மேல்நோக்கிய விளையுள் = Cρ(z − s/2) − Cρ(z + s/2) = −Cρs = −CP

விடையில் z இல்லை. அதாவது புலம் எல்லா உயரத்திலும் ஒன்றே. அச்சிலிருந்து பக்கமாக விலகிய புள்ளிக்கு என்ன நடக்கும்? அங்கு இரு கோளங்களும் தரும் கிடைப் புலங்கள் சமமாகவும் எதிராகவும் இருப்பதால் அழிந்துவிடும். நிலைக்குத்துப் பகுதி மேலே பெற்றதே. எனவே,

மணியின் உள்ளே புலம் எங்கும் சீரானது. அதன் பருமன் CP. திசை முனைவாக்கத்துக்கு எதிரானது.

மறைக்குறி வந்தது ஏன் என்பதைச் சமன்பாடு இல்லாமலும் விளங்கலாம். மேலே நேர்ப் படை, கீழே மறைப் படை. நடுவில் ஒரு நேர் மின்னேற்றத்தை வைத்தால் மேற்படை அதைக் கீழே தள்ளும். கீழ்ப்படை அதைக் கீழே இழுக்கும். முனைவாக்கம் மேல்நோக்கி இருக்க, புலம் கீழ்நோக்கி இருப்பது இதனாலேயே.

சீப்பும் கடதாசியும் உள்ள பாடத்தில், புலம் முதலில் வந்து முனைவாக்கத்தை உண்டாக்கியது. இரண்டும் ஒரே திசையில் இருந்தன. இங்கு முனைவாக்கம் முதலில் உள்ளது. அது தரும் கட்டுண்ட மின்னேற்றமே புலத்தை உண்டாக்குகிறது. முதற்பாடத்தின் தொடர்பை இங்கே போட்டதால்தான் வகுப்பில் ‘பூச்சியம்’ என்ற விடை வந்தது.

4. கோளத்தின் வெளியே

வெளியிலுள்ள புள்ளிக்கு ஒவ்வொரு கோளமும் தன் மையத்திலுள்ள புள்ளி மின்னேற்றம் போன்றது. ஆகவே s இடைவெளியில் +q, −q என்ற இரு புள்ளிகள். இது ஓர் இருமுனைவு. இங்கு q = (4/3)πR³ρ.

ஒரு கூலோமை மிகத் தொலைவிலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுவரச் செய்யவேண்டிய வேலையே அவ்விடத்து மின்னழுத்தம். புள்ளி மின்னேற்றத்துக்கு அது kq/r. அச்சு வழியே நடுவிலிருந்து r தூரத்தில்,

V = kq/(r − s/2) − kq/(r + s/2) = kqs/(r² − s²/4)

s மிகச் சிறிது ஆகையால் s²/4 ஐ விட்டுவிடலாம். qs ஐ p என எழுதுவோம்.

V = kp/r²; இங்கு p = qs = (4/3)πR³P

அச்சுடன் θ கோணத்தில் உள்ள திசையில் இது V = kp cosθ/r² ஆகும். அச்சின் வழியே புலத்தையும் இதே முறையில் கழித்தால் 2kp/r³ கிடைக்கும். நீங்களே செய்து பாருங்கள்.

தனி மின்னேற்றத்தின் புலம் தூரம் இரட்டிக்கும்போது நான்கில் ஒன்றாகும். இங்கு எட்டில் ஒன்றாகிறது. மொத்த மின்னேற்றம் பூச்சியம் என்பதன் விளைவு இதுதான்: புலம் இல்லாமற் போவதில்லை, விரைவாகத் தேய்கிறது.

5. உள்ளே மின்னழுத்தம்

மணியின் நடுத்தளத்தில் உள்ள புள்ளிகள் மேற்படைக்கும் கீழ்ப்படைக்கும் சம தூரத்தில் உள்ளன. ஆகவே அங்கு V = 0. அங்கிருந்து ஒரு கூலோமை மேல்நோக்கி z உயரம் கொண்டுபோக, கீழ்நோக்கிய CP என்ற புலத்துக்கு எதிராக வேலை செய்யவேண்டும்.

V = CPz

உச்சியில் V = CPR. அடியில் V = −CPR.

சரிபார்த்தல் 1. உள்ளிருந்து பெற்ற விடையும் வெளியிலிருந்து பெற்ற விடையும் உச்சியில் ஒன்றாக வேண்டும். வெளிச் சமன்பாட்டில் r = R எனப் போட்டால் V = k(4/3)πR³P/R² = CPR. பொருந்துகிறது.

சரிபார்த்தல் 2. உச்சிக்குச் சற்று வெளியே புலம் 2kp/R³ = 2CP, மேல்நோக்கி. சற்று உள்ளே CP, கீழ்நோக்கி. மேற்பரப்பைக் கடக்கும்போது மாற்றம் 3CP, அதாவது 4πkP. உச்சியில் σ = P ஆகையால் இது 4πkσ. மெல்லிய மின்னேற்றப் படையொன்றைக் கடக்கும்போது புலம் மாறவேண்டிய அளவும் இதுவே. மின்னழுத்தம் தொடர்ச்சியானது, புலம் பாய்ந்து மாறுகிறது. வரைபில் V ஐ உடைத்தோ, E ஐத் தொடர்ச்சியாகவோ வரைந்தால் அது பிழை.

6. எண்களுடன் ஓர் உதாரணம்

ஆரை 5 mm உள்ள துர்மலின் மணியொன்றின் முனைவாக்கம் 2 × 10⁻⁵ C m⁻² எனக் கொள்வோம். மேற்பரப்பில் கட்டுண்ட மின்னேற்றம் தவிர வேறு மின்னேற்றம் இல்லை. (π = 22/7)

C = 4/3 × 22/7 × 9 × 10⁹ = 3.77 × 10¹⁰

உள்ளே புலம் = CP = 3.77 × 10¹⁰ × 2 × 10⁻⁵ = 7.5 × 10⁵ V m⁻¹ (கீழ்நோக்கி)

உச்சியில் மின்னழுத்தம் = CPR = 7.54 × 10⁵ × 0.005 = 3770 V

அடியில் −3770 V. ஆகவே ஒரு சென்ரிமீற்றர் அகலமான மணியின் இரு முனைகளுக்கும் இடையில் ஏறத்தாழ 7500 V வேறுபாடு. நடுவிலிருந்து 10 mm தூரத்தில், அச்சின் மேல், தூரம் இரட்டித்துள்ளதால் V = 3770 ÷ 4 = 943 V.

உச்சிக்கு வெளியே புலம் 2CP, அதாவது 1.5 × 10⁶ V m⁻¹. வளி ஏறத்தாழ 3 × 10⁶ V m⁻¹ இல் முறிந்து மின்பொறி பாயவிடும். P ஐ இரட்டித்தாலே அந்த எல்லையை எட்டிவிடுவோம். எனவே இக்கணிப்பில் P க்குப் பெரிய பெறுமானம் போட்டுப் பெறும் விடைகள் வளியில் நிலைக்கமாட்டா.

இவ்வளவு பெரிய மின்னழுத்தத்துக்கு எவ்வளவு விலகல் தேவை? கல்லிலுள்ள நேர் மின்னேற்றம் முழுவதையும் எண்ணினால், ஒரு கன மீற்றரில் ஏறக்குறைய 1.5 × 10¹¹ C வரும். s = P/ρ = 2 × 10⁻⁵ ÷ (1.5 × 10¹¹), அதாவது ஏறத்தாழ 1.3 × 10⁻¹⁶ m. அணுவொன்றின் விட்டத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவே. முன்னர் s²/4 ஐத் துணிந்து விட்டதன் நியாயமும் இதுவே. மின்னேற்றங்கள் உண்மையில் இப்படி ஒரே தொகுதியாக நகர்வதில்லை. இது சராசரி விலகல்.

7. அப்படியானால் கடையிலுள்ள கல் ஏன் சாம்பலை இழுப்பதில்லை?

கண்டி நகரின் மாணிக்கக்கல் கடையொன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் துர்மலின் தூசியைக்கூட விசேடமாக இழுப்பதில்லை. நமது கணிப்புப் பிழையா?

பிழை இல்லை. வளியில் எப்போதும் சிறிதளவு மின்னேற்றமுள்ள துணிக்கைகள் உண்டு. ஈரப்பதனுள்ள வளியில் கல்லின் மேற்பரப்பும் சிறிது கடத்தும். நேர்க் கட்டுண்ட மின்னேற்றம் உள்ள உச்சியில் மறைச் சுயாதீன மின்னேற்றங்கள் வந்து படிகின்றன. அடியில் நேர் மின்னேற்றங்கள் படிகின்றன. காலப்போக்கில் ஒவ்வோர் இடத்திலும் மொத்தம் பூச்சியமாகிறது. அப்போது புலமும் பூச்சியம், மின்னழுத்தமும் பூச்சியம். ஆனால் முனைவாக்கம் மாறவே இல்லை.

கல்லைச் சூடாக்கும்போது அணுக்களின் நிலை சற்று மாறி P மாறுகிறது. துர்மலினில் இம்மாற்றம் ஒரு பாகை செல்சியசுக்கு ஏறக்குறைய 4 × 10⁻⁶ C m⁻². படிந்திருந்த சுயாதீன மின்னேற்றம் உடனே மாறமுடியாது. ஆகவே மாறிய அளவு P க்குரிய மின்னேற்றம் மூடப்படாமல் வெளிப்படுகிறது, சாம்பல் இழுபடுகிறது. குளிரும்போது மாற்றம் எதிர்த்திசையில் நடப்பதால் முனைகளின் குறியும் மாறுகிறது.

நமது உதாரணத்தின் 2 × 10⁻⁵ ஐப் பெற 5 பாகை போதும் என வகுத்துச் சொல்லத் தோன்றும். ஆனால் உள்ளே எழும் எதிர்ப்புலம் கல்லின் கட்டுண்ட மின்னேற்றங்களைத் திரும்ப இழுத்து முனைவாக்கத்தின் ஒரு பகுதியைக் குறைத்துவிடும். துர்மலின் கோளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே எஞ்சும். எனவே 15 பாகை அளவில் சூடாக்க வேண்டும். நாம் பாவித்த P என்பது இவ்வாறு குறைந்தபின் எஞ்சும் மொத்த முனைவாக்கம் எனக் கொள்ள வேண்டும்.

கவனிக்க: விலைக்கு வாங்கிய கல்லைச் சூடாக்கிப் பார்க்க வேண்டாம். உள்ளே நுண்ணிய பிளவுகள் இருந்தால் கல் வெடிக்கும்.

8. பயிற்சி

1. அதே முனைவாக்கமும் 10 mm ஆரையும் உள்ள மணியின் உட்புலம் எவ்வளவு? உச்சியின் மின்னழுத்தம் எவ்வளவு?
2. 5 mm மணியின் நடுக்கோட்டில் மின்னழுத்தம் பூச்சியம். அங்கு மின்புலமும் பூச்சியமா?
3. மணியை நடுத்தளத்தில் வெட்டினால் ஒரு பாதியில் நேர் மின்னேற்றமும் மறு பாதியில் மறை மின்னேற்றமும் தனித்தனியே கிடைக்குமா?

விடைகள்

1. உட்புலத்தின் சமன்பாடு CP. அதில் R இல்லை. எனவே 7.5 × 10⁵ V m⁻¹ மாறாது. மின்னழுத்தம் CPR, R இரட்டித்ததால் ஏறத்தாழ 7540 V.

2. இல்லை. நடுக்கோட்டிலும் உள்ளே புலம் CP, கீழ்நோக்கி. அங்கு σ = 0 ஆகையால் புலம் பாய்ந்து மாறாது; வெளியேயும் அதே CP. மின்னழுத்தம் பூச்சியமாக உள்ள இடத்தில் புலம் பூச்சியமாக இருக்கவேண்டியதில்லை. மின்னழுத்தம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதையே புலம் காட்டுகிறது.

3. கிடைக்காது. வெட்டும்போது மேற்பாதியின் அடித்தளத்தில் புதிதாக மறைப் படையும், கீழ்ப்பாதியின் மேற்தளத்தில் நேர்ப் படையும் வெளிப்படும். வட்டத் தளத்தின் பரப்பு πR², அதிலுள்ள மின்னேற்றம் πR²P = 1.6 × 10⁻⁹ C. மேற்பாதியின் வளைந்த பரப்பிலுள்ள நேர் மின்னேற்றமும் சரியாக இதே அளவே. ஆகவே ஒவ்வொரு பாதியின் மொத்தமும் மீண்டும் பூச்சியம். சுயாதீன மின்னேற்றமாயின் பிரித்திருக்கலாம்; இது கட்டுண்டது.